முப்பத்தைந்து தவணைகள்

நுழையும்முன்

புற்றுநோய்க்குக் கதிர்மருத்துவம் பெறுவோர் பலர், வாரக்கணக்கில் நாள்தோறும் மருத்துவமனைக்குச் சென்று வருகின்றனர். ஒவ்வொரு நாளும் அவர்கள்மேல் கதிர் படும் நேரமோ சில நிமிடங்களே. அத்தனை நாள் எதற்கு என்னும் வினாவுக்கான விடை, நம் உடலின் செல்கள் தம்மைத் தாமே சீரமைத்துக்கொள்ளும் முறையில் இருக்கிறது.

உரைநடை

விருதுநகர் மாவட்டத்தில், சாத்தூருக்கு அருகே, அருச்சுனா ஆறும் வைப்பாறும் கூடும் இடத்தில் அமைந்திருக்கிறது இருக்கன்குடி. ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமையில் மாரியம்மன் கோவிலுக்குத் தென்மாவட்ட மக்கள் திரண்டு வருவர். மற்ற நாள்களில் அது கரிசல் நிலத்து ஊர்களுள் ஒன்று. மானாவாரிப் பயிரும் ஆடு வளர்ப்பும் ஒருபுறம். தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் மறுபுறம் என அவ்வட்டாரத்தின் வாழ்க்கை நடக்கிறது.

அவ்வூரைச் சேர்ந்த தொழிலாளி ஒருவருக்குத் தொண்டையில் புற்றுநோய் கண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வயது 50. இளமையிலிருந்தே பீடிப் பழக்கம் உண்டு. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரைக்குச் சென்று மருத்துவரைப் பார்க்கிறார். அறுவை வேண்டாம், கதிர்மருத்துவத்தாலேயே குணப்படுத்த முயலலாம் என்கிறார் மருத்துவர். திங்கள் முதல் வெள்ளி வரை வாரத்திற்கு 5 நாள், மொத்தம் 7 வாரம், 35 தவணை. மக்கள் வழக்கில் இதனைக் ‘கரண்டு வைப்பது’ என்பர். அவர் மனத்திற்குள் கணக்குப் போடுகிறார். 35 நாள் கூலி போய்விடும். உடன்வரும் மனைவியின் கூலியும் போய்விடும். பேருந்துச் செலவு வேறு. தயங்கித் தயங்கிக் கேட்கிறார்:

“டாக்டரம்மா, மொத்தத்தையும் ஒரே நாள்ல வச்சு முடிச்சுட முடியாதா? எவ்வளவு வலிச்சாலும் தாங்கிக்கிடுவேன்.”

இது அறியாமையில் எழுந்த வினா அன்று. 100 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவின் முதன்மையான மருத்துவர்கள் இதே வினாவை எழுப்பித் தமக்குள் வாதிட்டனர். அவர்களுள் ஒரு சாரார், அவர் கேட்டதையே சரியான முறை என்றும் கருதினர். அவர்களுடைய கருத்து பொய்த்துப்போன கதை, செம்மறிக் கிடாயிலிருந்து தொடங்குகிறது.

கிடாய் கற்பித்த பாடம்

எக்ஸ் கதிர் 1895இல் கண்டறியப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அதனைக் கட்டிகளின்மேல் செலுத்திப் பார்த்தனர். கட்டி சுருங்கியது, கூடவே தோலும் வெந்து புண்ணானது. கட்டியை ஒரே வீச்சில் அழித்துவிட வேண்டும், இடைவெளி விட்டால் அது தேறிக்கொள்ளும் என்று செருமானிய மருத்துவர் சிலர் வாதிட்டனர். பாரிசு நகரத்து ரேடியம் நிறுவனத்தில் ஆய்வு செய்த கிளாடியஸ் ரெகோ என்பவர் இதனைச் சோதித்தறிய விரும்பினார்.

அவர் தேர்ந்துகொண்டது செம்மறிக் கிடாயின் விதைப்பை. தேர்வுக்குக் காரணம் உண்டு. விதையின் உள்ளே விந்தணுவை உண்டாக்கும் செல்கள் இடையறாது பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கின்றன. அவ்வகையில் அவை புற்றுக்கட்டியை ஒத்தவை. வெளியே இருக்கும் தோலோ கட்டியைச் சூழ்ந்துள்ள நலமான திசுவுக்கு நிகர். உள்ளிருப்பதை அழித்து, மேலிருப்பதைக் காக்க முடியுமா என்பதே சோதனை. மொத்தக் கதிரையும் ஒரே முறையில் செலுத்தியபோது, தோல் கடுமையாகப் புண்படாமல் கிடாயை மலடாக்க முடியவில்லை. பல நாள்களுக்குப் பகிர்ந்து சிறிது சிறிதாகச் செலுத்தியபோதோ கிடாய் மலடானது, தோல் பிழைத்துக்கொண்டது. 1920களில் வெளிவந்த இம்முடிவு கதிர்மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. அதே நிறுவனத்தில் பணியாற்றிய ஆன்றி கூத்தார் என்னும் மருத்துவர் இம்முறையைத் தொண்டை, குரல்வளைப் புற்றுநோயாளரிடம் கையாண்டார். அதுவரை கைவிடப்பட்டோரில் சிலர் ஆண்டுக்கணக்கில் உயிர் வாழ்ந்தனர்.

தமிழ்நாட்டில் இம்மருத்துவம் வேரூன்றியதற்கு அடையாறு புற்றுநோய் நிறுவனம் முதன்மையான காரணம். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அது தொடங்கப்பட்டது. 1957இல் அங்குக் கோபால்ட் கருவி நிறுவப்பட்டது. கோபால்ட்-60 வெளியிடும் காமாக் கதிர், பழைய எக்ஸ் கதிர்க் கருவிகளின் கதிரைவிட ஆழமாக ஊடுருவும். அதன் தாக்கம் தோலின் மேற்பரப்பில் குறைந்தும், ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் ஆழத்தில் உச்சத்தை எட்டியும் இருக்கும். இதனால் தோல் வெந்துபோகும் இடர் பெரிதும் குறைந்தது. ஆனால் தோலுக்குக் கீழே, கட்டியை ஒட்டியிருக்கும் தாடை எலும்பையும் தண்டுவடத்தையும் காக்கக் கருவியால் மட்டும் இயலாது. அதற்குத் தவணை முறையே வேண்டியிருந்தது, இன்றும் வேண்டியிருக்கிறது.

இரட்டைப் புரிக் கயிறு

கதிரின் அளவைக் ‘கிரே’ என்னும் அலகால் குறிப்பர். ஒரு கிலோகிராம் திசு ஒரு ஜூல் ஆற்றலை உட்கொண்டால் அது ஒரு கிரே. நம் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 2 கிரே வீதம் 35 நாளில் 70 கிரே தரப்படும். இந்த 70 கிரே முழுவதையும் வெப்பமாக மாற்றினாலும், அது நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசில் ஐம்பதில் ஒரு பங்குகூட உயர்த்தாது. ஆகவே கதிர் கட்டியைச் சுட்டு எரிக்கிறது என்னும் பொதுவான எண்ணம் பிழையானது. அச்சிறிய ஆற்றல் எங்கே சென்று தாக்குகிறது என்பதில்தான் அதன் வலிமை இருக்கிறது.

அது தாக்கும் இடம், செல்லின் உட்கருவிலுள்ள டி.என்.ஏ. இழை. இரண்டு புரிகளை முறுக்கித் திரித்த கயிற்றைப் போன்றது டி.என்.ஏ. ஒரு புரி மட்டும் அறுந்தால் கயிறு அறுவதில்லை. அறுந்த புரியை, எதிர்ப்புரியை அச்சாகக் கொண்டு செல் இணைத்துவிடும். இரண்டு புரியும் ஏறத்தாழ ஒரே இடத்தில் அறுந்தால் கயிறே துண்டாகும். அதனைச் சரிவர இணைப்பது கடினம். அவ்வாறு பழுதுற்ற செல் உடனே மடிவதில்லை. அடுத்து இரண்டாகப் பிரிய முயலும்போது மடிகிறது. கதிர் வைத்த அன்றே கட்டி கரையாமல், நாள் செல்லச் செல்லக் கரைவதற்கு இதுவே காரணம்.

கயிறு துண்டாவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒரே கதிர்த்துகள் இரண்டு புரியையும் ஒருசேர அறுத்துவிடலாம். இவ்வகைச் சேதம் கதிரின் அளவுக்கு நேர்விகிதத்தில் கூடும். அல்லது, தனித்தனியே நேர்ந்த இரண்டு சிறு சேதங்கள் ஒன்றுக்கொன்று அருகே அமைந்து, இரண்டும் சேர்ந்து செல்லைக் கொல்லலாம். இவ்வகைச் சேதம் கதிர் அளவின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஒரு நாளில் தரும் அளவு சிறிதாக இருந்தால், இரண்டு சேதங்கள் அருகருகே அமைவது அரிது. தனித்து நின்ற சேதத்தைச் செல் சில மணி நேரத்திற்குள் செப்பனிட்டுக்கொள்ளும். அச்செப்பம் பெரும்பாலும் 6 மணி நேரத்திலேயே முடிந்துவிடும். மறுநாள் கதிர் வரும்போது முந்தைய நாளின் அரைகுறைச் சேதம் அங்கே இராது. 1959இல் எல்கைண்ட், சட்டன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், வளர்ப்பிலிட்ட விலங்குச் செல்களுக்கு ஒரே அளவுக் கதிரை இரண்டாகப் பிரித்து, இடையே சில மணி நேரம் விட்டுச் செலுத்தினர். ஒருசேரப் பெற்ற செல்களைக் காட்டிலும் பிரித்துப் பெற்ற செல்கள் மிகுதியாகப் பிழைத்தன.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. இடைவெளியில் நலமான செல் தேறுகிறதென்றால், புற்றுச் செல்லும் தேறாதா? தேறும். ஆனால் இரண்டும் சமமாகத் தேறுவதில்லை. தாடை எலும்பு, தண்டுவடம், குருதிக்குழாய், தசையைச் சூழ்ந்த இணைப்புத்திசு ஆகியவற்றின் செல்கள் அடிக்கடி பிரிவதில்லை. இவற்றில் இரண்டாம் வகைச் சேதத்தின் பங்கு பெரிது. ஆகவே ஒரு நாளின் அளவைக் குறைத்தால் இவை பெரும் பயன் அடைகின்றன. விரைந்து பெருகும் பெரும்பாலான தொண்டைக் கட்டிகளில் முதல் வகைச் சேதத்தின் பங்கே பெரிது. அளவைக் குறைப்பதால் அவை அடையும் பயன் சிறிது. நாள்தோறும் கிடைக்கும் இச்சிறு வேறுபாடு, 35 முறை சேர்ந்து பெரிய வேறுபாடாகிறது.

இதனைக் கணக்கிட மருத்துவர் ஓர் எளிய வாய்பாட்டைப் பயன்படுத்துகின்றனர்.

விளைவு = n × d × (1 + d/k)

இதில் n என்பது தவணைகளின் எண்ணிக்கை. D ஒரு தவணையின் அளவு. K திசுவுக்குத் திசு மாறும் எண். தொண்டைக் கட்டிக்கு k ஏறத்தாழ 10 என்றும், எலும்பு, தண்டுவடம் போன்ற மெதுவாகப் பாதிப்புறும் திசுவுக்கு ஏறத்தாழ 3 என்றும் கொள்வர்.

நம் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 2 கிரே வீதம் 35 நாள். கட்டியின்மேல் விளைவு 70 × 1.2 = 84. நலமான திசுவின்மேல் விளைவு 70 × 1.67, அதாவது ஏறத்தாழ 117. இனி, அவர் விரும்பியவாறு நாளைக் குறைத்துப் பார்ப்போம். நாளொன்றுக்கு 4 கிரே வீதம் 15 நாள் என்றால் மொத்தம் 60 கிரே. கட்டியின்மேல் விளைவு 60 × 1.4 = 84. முன்பு கிடைத்த அதே 84! 7 வாரம் 3 வாரமாகிவிட்டது. மொத்த அளவும் 10 கிரே குறைந்துவிட்டது. ஆனால் நலமான திசுவின்மேல் விளைவு 60 × 2.33 = 140. முன்னையதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்.

அந்த ஐந்தில் ஒரு பங்கு உடனே வெளிப்படுவதில்லை என்பதுதான் இதிலுள்ள இடர். மருத்துவம் முடிந்து மாதங்கள், சில வேளை ஆண்டுகள் கழித்தே அது தலைகாட்டும். தாடை எலும்பின் குருதியோட்டம் குன்றி, பல் பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பே சிதையலாம். கழுத்துத் தசை இறுகி, விழுங்குவது கடினமாகலாம். தண்டுவடம் பாதிப்புற்றால் கைகால்கள் செயலிழக்கலாம். “எவ்வளவு வலிச்சாலும் தாங்கிக்கிடுவேன்” என்று அவர் சொன்னது அன்றைய வலியை எண்ணி. மருத்துவரின் கவலையோ, நோய் நீங்கியபின் அவர் உண்டு, பேசி, நடந்து வாழவிருக்கும் ஆண்டுகளைப் பற்றியது. மருத்துவம் தொடங்குமுன் சொத்தைப் பற்களைப் பிடுங்கிப் புண் ஆறவிடுவதும், பிற்காலத்தில் பல் பிடுங்க நேர்ந்தால் கதிர் வைத்த செய்தியைப் பல் மருத்துவரிடம் தவறாமல் கூறச் சொல்வதும் இதன்பொருட்டே.

காற்றுக்கு ஏங்கும் செல்கள்

தவணை முறைக்கு மற்றுமொரு பயனும் உண்டு. கட்டி தாறுமாறாக வளர்வது. அதனுள் குருதிக்குழாய்கள் ஒழுங்காகப் பரவுவதில்லை. குருதிக்குழாயிலிருந்து கசியும் ஆக்சிசன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிற்குச் சற்று மேலான தொலைவுவரைதான் திசுவுக்குள் செல்லும். அதற்கப்பால் உள்ள செல்கள் ஆக்சிசனுக்கு ஏங்கியே கிடக்கும். ஆக்சிசன் இருந்தால்தான் கதிர் உண்டாக்கும் சேதம் நிலைபெறும். ஆக்சிசன் இல்லாத செல்லைக் கொல்லக் கிட்டத்தட்ட 3 மடங்கு கதிர் வேண்டும். இவ்வுண்மையை விளக்க உழைத்தவருள் ஒருவர் இங்கிலாந்து அறிவியலறிஞர் லூயி கிரே. கதிரலகுக்கு வழங்கும் பெயர் அவருடையதே.

ஒரே முறையில் கதிர் வைத்தால், ஆக்சிசன் பெறும் செல்கள் மடியும். ஏங்கிக் கிடப்பவை தப்பிவிடும். தவணையாக வைத்தால், முதற்சுற்றில் மடிந்த செல்களின் இடம் ஒழிய, அதுவரை பட்டினியாய்க் கிடந்தவற்றை ஆக்சிசன் எட்டுகிறது. அடுத்த தவணையில் அவை அகப்படுகின்றன. செல் பிரியும் பருவத்திற்கேற்பவும் இத்தகைய வேறுபாடு உண்டு. ஒரு நாள் தாக்குப்பிடித்த செல், மற்றொரு நாள் மெலிந்த பருவத்தில் இருக்கக்கூடும்.

மருத்துவம் நடக்கும் நாள்களில் பீடி கூடாது என்று மருத்துவர் வற்புறுத்துவதற்கும் இதனோடு தொடர்புண்டு. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு குருதியில் ஆக்சிசன் அமரவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மருத்துவமனை வாயிலில் நின்று ஒரு பீடி புகைத்துவிட்டு உள்ளே செல்பவர், அன்றைய தவணையின் வலிமையைத் தாமே குறைத்துக்கொள்கிறார்.

பாதி, பாதியில் பாதி

நான்காம் வார இறுதியில் நம் தொழிலாளியின் தொண்டையைப் பார்த்த மருத்துவர், கட்டி கண்ணுக்குத் தெரியவில்லை என்கிறார். அவருக்கு மகிழ்ச்சி. அதே வேளையில் வாயும் தொண்டையும் புண்ணாகிக் கஞ்சிகூட இறங்கவில்லை. நோய்தான் போய்விட்டதே, இனி எதற்கு இந்த வேதனை என்று தோன்றுகிறது. மருத்துவத்தைப் பாதியில் நிறுத்துவோர் பலர் நிறுத்துவது இந்த இடத்தில்தான்.

கணக்கு என்ன சொல்கிறதென்று பார்ப்போம். ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கட்டியில் ஏறத்தாழ 100 கோடி செல்கள் இருக்கும். 2 கிரே தவணை ஒவ்வொன்றும், அதற்குமுன் எஞ்சியிருந்தவற்றில் பாதியைக் கொல்வதாகக் கொள்வோம். உண்மையில் இது கட்டிக்குக் கட்டி மாறும். ஆயினும் நடப்பைப் புரிந்துகொள்ள இது போதும். முதல் தவணையில் 50 கோடி மடிகின்றன. 10 தவணைக்குப் பின் ஏறத்தாழ 10 இலட்சம் எஞ்சும். 20 தவணைக்குப் பின், அதாவது நான்காம் வார இறுதியில், ஏறத்தாழ 1,000 எஞ்சும். ஆயிரம் செல்லைக் கண்ணாலும் காண இயலாது. ஸ்கேன் படத்திலும் காண இயலாது. கட்டி மறைந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னது முற்றிலும் உண்மை. அந்த ஆயிரத்தில் ஒன்று பிழைத்தாலும் மீண்டும் கட்டி வளர்ந்துவிடும் என்பதும் உண்மை. 30ஆம் தவணையில்தான் எண்ணிக்கை ஒன்றுக்கு இறங்குகிறது. அதன்பின் தரும் 5 தவணைகள், அந்த ஒன்றும் எஞ்சாதிருக்கும் வாய்ப்பைப் பெருக்குவதற்காக. முதல் தவணை கோடிக்கணக்கில் கொல்கிறது. கடைசித் தவணை ஒன்றைக்கூடக் கொல்லாமல் போகலாம். ஆயினும் குணமடைதல் என்பது அக்கடைசித் தவணைகளையே சார்ந்திருக்கிறது.

திருவிழாவுக்கு மூன்று நாள்

இதுவரை கூறியவற்றிலிருந்து, அளவைச் சிறிதாக்கி நாளை நீட்டிக்கொண்டே போனால் மேலும் நல்லது என்று ஒருவர் முடிவு கட்டக்கூடும். அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது.

வாய், தொண்டை ஆகியவற்றின் உட்தோல் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் புண்ணாகிறது. மடிந்த செல்களுக்கு ஈடாக, எஞ்சிய செல்கள் விரைந்து பிரிந்து பெருகத் தொடங்குகின்றன. மருத்துவம் முடிந்த சில வாரங்களில் புண் ஆறிவிடுவது இதனால்தான். இப்பெருக்கம் நலமான திசுவுக்கு மட்டும் உரியதன்று. தொண்டைக் கட்டியில் எஞ்சிய செல்களும் ஏறத்தாழ நான்காம் வாரம் முதல் முன்னிலும் விரைவாகப் பெருகுகின்றன. விதர்சு என்னும் அறிஞரும் உடனாய்வாளரும் 1988இல் இதனை எடுத்துக்காட்டினர். அக்கட்டத்திற்குப் பின் மருத்துவம் நீளும் ஒவ்வொரு நாளுக்கும், அப்பெருக்கத்தை ஈடுசெய்ய மட்டும் ஏறத்தாழ 0.6 கிரே கூடுதலாகத் தேவைப்படும் என்று கணக்கிட்டனர்.

நம் தொழிலாளிக்கு ஆனி மாதக் கடைசி வாரத்தில் மருத்துவம் தொடங்கியது. ஐந்தாம் வாரத்தில் வருகிறது ஆடிக் கடைசி வெள்ளி. ஊரே கூடும் நாளில் இல்லாமல் இருப்பதற்கு அவருக்கு மனமில்லை. வியாழன், வெள்ளி, அடுத்து வரும் திங்கள் ஆகிய மூன்று நாளும் அவர் மதுரைக்குச் செல்லவில்லை. மூன்று தவணைதானே, கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். ஏழாம் வார வெள்ளியில் முடியவேண்டிய மருத்துவம், இடையே சனி, ஞாயிறு வருவதால், எட்டாம் வாரப் புதனுக்குத் தள்ளிப்போகிறது. தவறியவை மூன்று நாள். தள்ளிப்போனவை ஐந்து நாள். நாளுக்கு 0.6 வீதம் 3 கிரே. விட்ட மூன்று தவணையையும் முழுமையாகப் பெற்ற பின்னரும், ஒன்றரைத் தவணையின் பயன் வீணாகியிருக்கும்.

ஆதலின் மருத்துவர் அவற்றைக் கடைசியில் சேர்ப்பதில்லை. முடியும் நாளை மாற்றாமல் இடையிலேயே ஈடுசெய்ய முயல்வர். ஆறாம் வாரச் சனிக்கிழமை ஒரு தவணை. ஆறாம், ஏழாம் வாரப் புதன்கிழமைகளில் காலை ஒன்று, மாலை ஒன்று. அந்தக் காலைக்கும் மாலைக்கும் இடையே குறைந்தது 6 மணி நேரம் இருத்தல் வேண்டும். நலமான செல்கள் செப்பனிட்டுக்கொள்ள அவ்வளவு நேரமாவது வேண்டுமென முன்னரே கண்டோம். கருவி பழுதுற்று ஒரு நாள் நின்றாலும் இதே முறைதான். தலை, கழுத்துப் புற்றுநோய்களில் மொத்தக் காலம் குறித்த நாளைவிட 2 நாளுக்குமேல் நீளக்கூடாது என்று இங்கிலாந்தின் கதிர்மருத்துவர் கழகம் வரையறுத்திருக்கிறது.

அப்படியானால் சனி, ஞாயிறு விடுமுறை எதற்கு? உண்மையைச் சொன்னால், அது பணியாளரின் வசதியையும் நெடுங்கால வழக்கத்தையும் ஒட்டி ஏற்பட்டது. ஞாயிற்றுக்கிழமை என்பது கட்டிக்குத் தெரியாது. பன்னாட்டு அணுசக்தி முகமை ஐந்து நாளுக்கு மாறாக ஆறு நாள் கதிர் வைத்தால் என்னாகும் என்று பல நாடுகளில் ஆய்ந்து, 2010இல் முடிவை வெளியிட்டது. தலை, கழுத்துப் புற்றுநோயாளருக்கு அதே அளவு, அதே தவணைகள். வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே கூடுதல். ஐந்து ஆண்டுக்குப் பின் அவ்விடத்தில் நோய் மீளாதிருந்தோர், ஐந்து நாள் முறையில் 100க்கு 30 பேர். ஆறு நாள் முறையில் 42 பேர். வாய்ப்புண் சற்று மிகுந்தது. புதிய மருந்தோ புதிய கருவியோ இதற்குத் தேவைப்படவில்லை.

தெரிந்து தெளிவோம்

கோபால்ட்-60இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 5.3 ஆண்டு. ஆகவே கருவியின் கதிர்மூலம் பழையதாக ஆக, அதே 2 கிரேயைத் தர ஆகும் நேரம் கூடிக்கொண்டே போகும், 5.3 ஆண்டு கழித்து இருமடங்காகும். இன்று பல மருத்துவமனைகளில் உள்ள நேர்முடுக்கி மின்சாரத்தால் எக்ஸ் கதிரை உண்டாக்குவது. அதற்கு இச்சிக்கல் இல்லை.

பக்கத்து இருக்கைப் பெண்மணி

மதுரைக்குச் செல்லும் பேருந்தில் நம் தொழிலாளியின் பக்கத்து இருக்கையில், சாத்தூரிலிருந்து வரும் பெண்மணி ஒருவர் அமர்கிறார். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து கதிர் வைக்கப் போகிறவர். அவருக்கு 15 தவணைதான்.

“எனக்கு மூணே வாரம்னு சொல்லிட்டாங்க அண்ணே. உங்களுக்கு மட்டும் ஏன் இத்தனை நாளு?” என்கிறார் அவர்.

தமக்கு முற்றிய நோய் போலும் என்று தொழிலாளி மருள்கிறார். அவர் மருள வேண்டுவதில்லை. மேலே கண்ட வாய்பாட்டிலுள்ள k என்னும் எண்ணில் இருக்கிறது இதன் விடை. தொண்டைக் கட்டிக்கு அது 10. மார்பகப் புற்றுநோய்க்கோ ஏறத்தாழ 4. அது நலமான திசுவின் எண்ணாகிய 3ஐ நெருங்கி நிற்கிறது. ஒரு நாளின் அளவைச் சிறிதாக்குவதால் நலமான திசு எவ்வளவு பயனடைகிறதோ, ஏறத்தாழ அதே அளவு கட்டியும் பயனடைந்துவிடும். எனவே தவணைகளை மிகுதியாக்குவதில் பெரிய நன்மை இல்லை. நாளளவைச் சற்றே கூட்டி, மொத்த அளவைக் குறைத்து, விரைவில் முடித்துவிடலாம். இங்கிலாந்தில் நடந்த ஆய்வொன்று, மார்பகத்திற்கு மூன்று வாரத்தில் 15 தவணையாகத் தரும் 40 கிரேக்கு மாற்றாக, ஒரே வாரத்தில் 5 தவணையாக 26 கிரே தந்து பார்த்தது. ஐந்து ஆண்டு கழித்து நோய் மீள்வதில் அது பின்தங்கவில்லை என்று 2020இல் அறிவித்தது. மூளைக்குள் இருக்கும் சில சிறு கட்டிகளுக்கு ஒரே நாளில் முழு அளவையும் தருவதும் உண்டு. அங்குக் கதிரை மில்லிமீட்டர் துல்லியத்தோடு கட்டியின்மேல் குவித்து, நலமான திசுவை அதன் வழியிலிருந்தே பெரிதும் விலக்கிவிட முடிகிறது.

தொண்டையில் அவ்வாறு விலக்குவது எளிதன்று. கட்டியின் வேர்கள் நலமான திசுவுக்குள் ஊடுருவியிருக்கும். அவை எதுவரை சென்றுள்ளன என்பது படத்தில் தெளிவாகத் தெரியாது. ஆகவே சுற்றிலும் ஓரளவு நலமான திசுவையும் சேர்த்தே கதிருக்கு உட்படுத்தியாக வேண்டும். அந்தத் திசு பிழைப்பதற்கு இடைவெளி வேண்டும்.

நம் தொழிலாளி ஆறாம் வாரப் புதன்கிழமை காலைத் தவணை முடிந்து வெளியே வருகிறார். மாலைத் தவணைக்கு இன்னும் 6 மணி நேரம் இருக்கிறது. ஊருக்குப் போய்த் திரும்ப நேரம் போதாது. மனைவி தூக்குவாளியில் கொண்டுவந்த கூழை ஆற்றித் தருகிறார். மருத்துவமனை மரத்தடியில் அமர்ந்து, சிறிது சிறிதாக விழுங்கியபடி, மாலைக்காகக் காத்திருக்கிறார்.